ஈரக் கை, குளிர்ந்த கை: சாப்பாட்டுக்கு முன் ஒரு குழந்தை சொல்ல ஆறு வரி

போன தை மாசம் அக்கா ஃபோன் பண்ணினாள். "நீதான் எந்நேரமும் பழைய புஸ்தகத்தைத் தோண்டிக்கிட்டு இருக்கியே, பாப்பாவுக்குச் சாப்பிடுறதுக்கு முன்னாடி சொல்ல ஒரு சின்னப் பாட்டு எழுதிக் கொடேன்" என்றாள். பாப்பாவுக்கு நாலரை வயசு. அவள் பள்ளியில் சாப்பாட்டு மணி அடித்ததும் ஏதோ ஒரு வேண்டுதலைச் சொல்ல வைக்கிறார்கள். மனப்பாடமாகச் சொல்கிறாள், ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. வீட்டிலும் ஒரு சிக்கல். அத்தான் வீடு கிறிஸ்தவ வீடு, எங்கள் வீடு முருகன் படம் மாட்டிய வீடு. பாளையங்கோட்டையில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ரெண்டு ஆச்சிகளும் உட்காருவார்கள். ஒரு ஆச்சி சிலுவைக் குறி போடச் சொல்லிக்கொடுப்பார், இன்னொரு ஆச்சி கைகூப்பச் சொல்லிக்கொடுப்பார். பிள்ளை ரெண்டையும் செய்துவிட்டு, யார் முகம் வாடுகிறது என்று பார்க்கும். இதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

சரி என்று உட்கார்ந்து ஒரே ராத்திரியில் எட்டு வரி எழுதி அனுப்பினேன். அகிலம், கருணை, உழவர், வான்மழை எல்லாம் இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. மறுநாள் அக்கா பதிவு செய்து அனுப்பிய குரலில் பாப்பா முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். "அகிலம்னா பக்கத்து வீட்டு அகிலா அக்காவா?" என்று கேட்டாள். மூன்றாவது வரியைத் தாண்டவே இல்லை.

தோற்றுப்போன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. இந்த வேலையை ஏற்கெனவே யாராவது நன்றாகச் செய்திருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அந்தத் தேடலில் கிடைத்த ஒரு ஆளைப் பற்றியது. ஒரே புத்தகத்தில் குழந்தைகளுக்காக இரண்டு சாப்பாட்டு வேண்டுதல்களை அவர் எழுதினார். ஒன்று இன்றும் தொகுப்புகளில் நிற்கிறது. மற்றதை ஆராய்ச்சிக்காரர்களைத் தவிர அதிகம் பேர் தேடுவதில்லை. ஏன் அப்படி என்பதுதான் கேள்வி.

ஹெரிக்குக்கு முன்னால்

ஐரோப்பாவில் சாப்பாட்டு மேசையில் வேண்டுதல் சொல்லும் வேலை பல வீடுகளில் குழந்தையின் தலையில்தான் விழுந்தது. இதற்கு ஆங்கிலத்தில் கிரேஸ் என்று பெயர். மார்ட்டின் லூதர் 1529-ல் வெளியிட்ட சிறிய ஞானோபதேச நூலில், வீட்டுப் பிள்ளைகளும் வேலைக்காரர்களும் கைகளைச் சேர்த்து அடக்கமாக மேசைக்கு வந்து சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்திருக்கிறார். (தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த சீகன்பால்கு தமிழில் மொழிபெயர்த்தது இந்த நூலைத்தான்.) ஆனால் லூதர் கொடுத்தது பாட்டு இல்லை. சங்கீதம் 145-லிருந்து இரண்டு வசனம், அதன்பின் ஒரு வழக்கமான ஜெபம், அதன்பின் ஒரு சிறு வேண்டுதல். உரைநடை. பெரியவர்களின் வாக்கியங்களை அப்படியே குழந்தையின் வாயில் வைத்தார்.

இங்கிலாந்திலும் அதே கதைதான். பதினாறாம் நூற்றாண்டில் குழந்தைகள் எழுத்துப் படிக்கும் சிறு நூல்களிலேயே சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சொல்லும் வேண்டுதல்கள் அச்சாகியிருந்தன. அ, ஆ படிக்கிற புத்தகத்திலேயே அது ஒரு பாடம். ஆனால் அதைப் படிக்கிற வாய் எவ்வளவு சின்னது என்பதை எழுதியவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுக்கவில்லை. நான் அகிலம் என்று எழுதியதும் அதே தப்புதான்.

ஒரு பாதிரியாரின் ரெண்டு பாட்டு

ராபர்ட் ஹெரிக் 1591-ல் லண்டனில் ஒரு பொற்கொல்லர் வீட்டில் பிறந்தவர். ஒன்றரை வயது ஆவதற்குள் அப்பா மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்துபோனார். சித்தப்பாவிடம் பொற்கொல்லர் வேலை பழகினார், பிறகு கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போனார், பாதிரியார் ஆனார். டெவன்ஷயரில் டார்ட்மூர் மேட்டுநிலத்தின் ஓரத்தில் டீன் ப்ரையர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே திருச்சபைப் பொறுப்பில் 1629-லிருந்து இருந்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. லண்டனை நினைத்து ஏங்கிக்கொண்டே அந்தக் குளிரூரில் ஏகப்பட்ட பாட்டு எழுதினார்.

உள்நாட்டுப் போர் வந்தது. ராஜா முதலாம் சார்லஸ் ஒரு பக்கம், நாடாளுமன்றம் மறுபக்கம். 1645-ல் நாடாளுமன்றம் திருச்சபையின் பழைய பொது ஜெபப் புத்தகத்தையே விலக்கிவிட்டு வேறு வழிபாட்டு முறையைக் கொண்டுவந்தது. ராஜா பக்கம் நின்ற ஹெரிக்கின் வேலை 1647-ல் போனது. லண்டனுக்குத் திரும்பிப்போய்த் தன் பாட்டுகளை எல்லாம் ஒரே தொகுதியாக அச்சிட்டார். ஏறக்குறைய 1,400 பாட்டு. தொகுதியின் பெயர் ஹெஸ்பெரிடீஸ், அட்டையில் ஆண்டு 1648. அதன் பின்பகுதியில் பக்திப் பாட்டுகள் தனியாக இருக்கின்றன. அதற்கு நோபிள் நம்பர்ஸ் என்று பெயர், அதன் தலைப்புப் பக்கத்தில் 1647 என்று போட்டிருக்கிறது. நாம் தேடும் ரெண்டு குழந்தைப் பாட்டும் அந்தப் பகுதியில்தான் உள்ளன.

முதல் பாட்டுக்கு 'குழந்தைகளுக்கான வேண்டுதல்கள்' என்ற மாதிரித் தலைப்பு. ஒன்பது வரி. கடவுள் கொடுப்பதும் நாம் எடுப்பதும் கிறிஸ்துவின் பொருட்டு வந்த கொடை என்று தொடங்குகிறது. பிறகு அவரையும் பட்டாணியும் சாப்பாடாக இருந்தால் அதற்கும் நன்றி, இறைச்சியோ மீனோ இருந்தால் அதுவும் அவர் தட்டிலிருந்து விழுந்த துண்டு என்று போகிறது. இதுவரை அழகு. அவரை, பட்டாணி என்று சொல்லும்போது ஒரு பிள்ளை தன் தட்டைப் பார்க்கும். ஆனால் கடைசி மூன்று வரியில் பாட்டு திடீரென்று மேசையை விட்டு எழுந்து வெளியே போய்விடுகிறது. கடவுள் தம் திருச்சபையைக் காக்கட்டும், ராஜாவைக் காக்கட்டும், நாட்டின் அமைதி வசந்தம் போல எப்போதும் செழிக்கட்டும்.

அந்த மூன்று வரியை அந்த ஆண்டில் வைத்துப் பாருங்கள். புத்தகம் அச்சாகும்போது அந்த ராஜா சிறையில் இருக்கிறார். அந்தத் திருச்சபைப் பொறுப்பிலிருந்து ஹெரிக்கையே வெளியே தள்ளிவிட்டார்கள். நாட்டில் அமைதி என்று எதுவும் இல்லை. 1649 ஜனவரி 30-ஆம் தேதி ராஜாவின் தலையை வெட்டினார்கள். அதோடு அந்தப் பாட்டின் வால் செத்துப்போனது. ஒரு வீட்டில் சோற்றுக்கு முன்னால் குழந்தை அதைச் சொன்னால் அது இனிமேல் வேண்டுதல் இல்லை, அரசியல் பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுந்தால் வம்பு.

அர்த்தத்தை விட்டுவிட்டாலும் ஒரு கோளாறு இருக்கிறது. திருச்சபையைக் காக்கட்டும் என்ற இடத்தில் ஹெரிக் ஆங்கில வாக்கியத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார். எழுவாய், செயப்படுபொருள், கடைசியில் வினை. தமிழில் இது நமக்குச் சாதாரணம். ஆங்கிலத்தில் ஒரு பிள்ளையும் அப்படிப் பேசாது. பேசாத வரிசையில் ஒரு வரி வந்தால் குழந்தையின் நினைவு அங்கே தடுக்கி விழும். பெரியவர்களுடைய கவலை வந்த இடத்திலேயே பெரியவர்களுடைய வாக்கிய அமைப்பும் வந்து உட்கார்ந்துகொண்டது. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது பாட்டு 'ஒரு குழந்தைக்கு இன்னொரு வேண்டுதல்'. ஆறே வரி. இதில் ராஜா இல்லை, திருச்சபை இல்லை, கிறிஸ்துவின் பெயர்கூட இல்லை. ஒரு சின்னப் பிள்ளை மேசைக்கு முன்னால் நிற்கிறது. தான் நிற்பதைச் சொல்கிறது. ரெண்டு கையையும் தூக்குவதைச் சொல்கிறது. அந்தக் கைகள் தவளை மாதிரிச் சில்லென்று இருக்கின்றன, இருந்தாலும் தூக்குகிறேன் என்கிறது. கடைசி ரெண்டு வரியில்தான் கேட்கிறது. எங்கள் சாப்பாட்டின் மேலும் எங்கள் எல்லார் மேலும் ஆசி விழட்டும். அவ்வளவுதான்.

அது ஏன் மனதில் நிற்கிறது

இந்த ஆறு வரியை நான் காகிதத்தில் எழுதி வைத்து எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 36 சொல், 42 அசை. ஒவ்வொரு வரியிலும் சரியாக ஏழு அசை. 36 சொற்களில் 31 சொற்கள் ஒரே அசை உள்ளவை, அதாவது ஆங்கிலக் குழந்தை முதலில் பேசப் பழகும் குட்டிச் சொற்கள். ரெண்டு ரெண்டு வரியாக இயைபு. வரியின் முதல் அசை அழுத்தமாக விழுகிறது, கடைசி அசையும் அழுத்தமாக முடிகிறது. அதனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இயல்பாகவே ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது. பிள்ளை மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் முதல் பாட்டின் வரிகளும் ஏழு அசைதான், அதிலும் இயைபு இருக்கிறது. ஆக, எண்ணிக்கை மட்டும் காரணம் இல்லை.

வித்தியாசம் வரிசையில் இருக்கிறது. இரண்டாவது பாட்டில் வரிகளின் வரிசையும் உடம்பு செய்யும் காரியங்களின் வரிசையும் ஒன்றே. முதலில் நிற்க வேண்டும். நின்றால்தான் கையைத் தூக்க முடியும். தூக்கினால்தான் கை கண்ணில் படும், அதன் குளிர் தெரியும். பிறகுதான் அதை மேலே நீட்ட முடியும். நீட்டிய பிறகுதான் கேட்க முடியும். எந்த வரியையும் இடம் மாற்ற முடியாது. அடுத்த வரி மறந்துபோனால் பிள்ளை தன் கையைப் பார்த்தால் போதும், கை சொல்லிக்கொடுத்துவிடும். முதல் பாட்டில் அவரைக்கும் இறைச்சிக்கும் இடம் மாற்றலாம், திருச்சபைக்கும் ராஜாவுக்கும் இடம் மாற்றலாம். மாற்ற முடிகிற இடத்தில்தான் குழந்தை குழம்புகிறது.

இன்னொன்று அந்தத் தவளை. எனக்கு முதலில் இது ஒரு விளையாட்டுச் சொல்லாகத்தான் தெரிந்தது. யோசித்தால் பாட்டின் உயிர் அங்கே இருக்கிறது. பிள்ளைக்குக் கொடுக்க ஒன்றுமே இல்லை, ரெண்டு கைதான் இருக்கிறது, அதுவும் சில்லிட்டுப் போனது. அந்தக் குறையோடேயே நீட்டுகிறது. கொடை, கிருபை என்று முதல் பாட்டு விளக்கிச் சொன்னதையெல்லாம் இந்தப் பாட்டு விளக்காமல் காட்டிவிடுகிறது. அந்த உவமை பெரியவரின் உவமையும் இல்லை. டெவன் மழையில் வளரும் பிள்ளை தவளையைப் பிடித்துப் பார்த்திருக்கும்.

பழுதும் உண்டு. தவளைக்கு ஹெரிக் போட்ட சொல் பேடக் என்பது. இன்றைய ஆங்கிலக் குழந்தைக்கு அதே ஒலியுள்ள சொல் குதிரை மேயும் வேலிக்குள் இருக்கும் புல்வெளியைத்தான் குறிக்கும். ஆசிக்கு அவர் போட்ட சொல்லும் வழக்கொழிந்துவிட்டது. சாப்பாடு என்ற பொருளில் அவர் எழுதியது இன்று இறைச்சியை மட்டும் குறிக்கும் சொல். ஆறு வரியில் மூன்று இடத்தில் இன்று அடிக்குறிப்பு வேண்டும். வட்டாரச் சொல் அந்த நேரத்துப் பிள்ளைக்கு நெருக்கமானது, முந்நூறு வருஷம் கழித்து வரும் பிள்ளைக்குத் தடை. ரெண்டையும் ஒரே பாட்டில் பிடிக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

தூக்கம் வராத ஒரு கிழவி

"இதெல்லாம் நீயாகக் கண்டுபிடித்த தியரிதானே, வாய்மொழியாக உண்மையிலேயே அப்படித்தான் பாட்டு நிற்கிறதா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். அதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது.

ஹெரிக் 1662-ல் தன் பழைய வேலைக்குத் திரும்பி, 1674-ல் டீன் ப்ரையரிலேயே இறந்தார். அதன்பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக அவருடைய புத்தகத்தை ஏறக்குறைய எல்லோரும் மறந்துபோனார்கள். 1809 கோடையில் லண்டனிலிருந்து ஒருவர் அந்த ஊருக்குப் போய், ஹெரிக்கைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று விசாரித்தார். அவர் எழுதியது மறு வருஷம் குவார்ட்டர்லி ரிவ்யூ இதழில் வந்தது. ஊரில் ஹெரிக்கைப் பற்றி அதிகம் தெரிந்தவர் டோரதி கிங் என்ற 99 வயது ஏழைக் கிழவி. ஹெரிக்கின் நோபிள் நம்பர்ஸ் பாட்டுகளில் ஐந்தைப் பிசகாமல் சொன்னார். அவை அச்சில் வந்தவை என்றே அவருக்குத் தெரியாது, வந்திருந்தாலும் படிக்கத் தெரியாது. அம்மாவிடமிருந்து கேட்டுக் கற்றது. அந்த அம்மா, ஹெரிக்குக்கு அடுத்து வந்த பாதிரியார் வீட்டில் வேலை பழகியவர். ஆக, ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு, காகிதமே இல்லாமல், ஒரு நூற்றாண்டுக்கு மேல்.

அவர் சொன்ன பாட்டுகளில் ஒன்று ஒரு நீளமான மன்றாட்டு. அதன் முதல் பத்தி பொதுவாகத் துன்பத்தையும் சோதனையையும் பேசுகிறது. இரண்டாவது பத்தியில்தான் ஒருவர் படுக்கையில் கிடக்கிறார். கிழவி அந்தப் பாட்டை இரண்டாவது பத்தியிலிருந்துதான் தொடங்கினார். ஏனென்றால் ராத்திரி தூக்கம் வராதபோது படுக்கையில் கிடந்து சொல்லும் ஜெபமாக அதை வைத்திருந்தார். முதல் பத்தி அவர் உடம்பு இருந்த நிலைக்குப் பொருந்தவில்லை, அதனால் உதிர்ந்துவிட்டது. பொருந்திய இடத்திலிருந்து பாட்டு ஆரம்பித்தது.

இதைப் படித்தபோது எனக்கு என் எட்டு வரியின் நினைவு வந்தது. அதில் பாப்பாவின் உடம்பு எங்கேயும் இல்லை. உழவர் வியர்வை இருந்தது, வான்மழை இருந்தது, அவள் இல்லை. ஒரு ஆச்சி கேட்டது இயேசுவின் பெயர், இன்னொரு ஆச்சி கேட்டது முருகனின் பெயர், நான் உள்ளே நுழைத்தது உழவர். மூன்றும் ஒன்றுதான், ஹெரிக்கின் ராஜாவும் திருச்சபையும் மாதிரி. அவரவர் நம்பிக்கையைப் பிள்ளையின் வாய் வழியாகச் சொல்லிவிடும் ஆசை.

தமிழில் செய்துபார்த்தது

இரண்டாவது முறை எழுதும்முன் அக்காவிடம் ஒரு கேள்விதான் கேட்டேன். "சாப்பிட வரும்போது பாப்பா என்ன செய்யுறா, வரிசையாச் சொல்லு." அக்கா சொன்னாள். "கை கழுவிட்டு ஓடி வருவா. துடைக்க மாட்டா, ஈரக் கையோடயே வந்து உக்காருவா. திட்டினா ரெண்டு கையையும் சேர்த்துப் பிழிவா." போதும். பாட்டு அதற்குள்ளேயே இருந்தது. ஹெரிக்கின் பிள்ளைக்குக் குளிர்ந்த கை, நம் பிள்ளைக்கு ஈரக் கை.

ஒலிக்கு ஹெரிக்கைப் பின்பற்ற முடியாது. ஆங்கிலத்தின் அழுத்தம் தமிழில் இல்லை, இயைபு வரிக் கடைசியில் வருகிறது. நமக்கு எதுகை, வரியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் வருகிறது. குழந்தைக்கு இது ஒரு பெரிய வசதி என்று இந்த வேலையில்தான் புரிந்தது. பிள்ளைகள் மறப்பது வரியின் நடுவில் இல்லை. ஒரு வரியை முடித்துவிட்டு, அடுத்த வரியை எப்படித் தொடங்குவது என்று முழிப்பார்கள். என் எட்டு வரியில் பாப்பா நின்ற இடங்கள் எல்லாமே வரித் தொடக்கங்கள். கடைசியில் வரும் இயைபு, வரி எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும். எதுகை, எங்கே கிளம்ப வேண்டும் என்று சொல்லும்.

வரிக்கு மூன்று சீர், ரெண்டு ரெண்டு வரியாக எதுகை, வீட்டில் அவள் பேசாத சொல் ஒன்றும் கூடாது என்று மூன்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். நாலு நாளில் வந்தது இது:

கையைக் கழுவி நான்வந்தேன்
பையப் பைய உக்காந்தேன்
ஈரக் கைகள் ரெண்டையும்
சேர வச்சுக் கேட்கிறேன்
எனக்குக் கிடைச்ச சோறுபோல்
தினமும் எல்லார்க்கும் கிடைக்கணும்.

கையை, பைய என்று ஒரு ஜோடி. ஈர, சேர என்று ஒரு ஜோடி. எனக்கு, தினமும் என்று ஒரு ஜோடி. மூன்றாவது ஜோடியின் எதுகை மற்ற ரெண்டைப் போலப் பளிச்சென்று காதில் விழாது, ன என்ற எழுத்து மட்டும்தான் ஒட்டு. எதிர்பார்த்த மாதிரியே முதல் ரெண்டு நாள் பாப்பா அங்கேதான் நின்றாள். அக்கா அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்தாள், மற்றது தானாக வந்தது. நாலாவது நாள் முழுதாகச் சொன்னாள். நடுவில் நான் "சேரக் குவித்து வேண்டுகிறேன்" என்று எழுதியிருந்ததை, அவள் தானாகவே "சேர வச்சுக் கேட்கிறேன்" என்று மாற்றிவிட்டாள். குவிப்பது அவள் பேச்சில் இல்லை. அவள் சொன்னதையே வைத்துக்கொண்டேன். பிள்ளை தவறாகச் சொல்லும் இடம் பெரும்பாலும் நாம் தவறாக எழுதிய இடம்.

ஒரு வரிக்கு மட்டும் ஆட்சேபம் வந்தது. "சித்தி, நான் பையப் பைய உக்காரலியே, ஓடித்தானே வந்தேன்?" என்றாள். நியாயம். சொல் உடம்போடு பொருந்த வேண்டும் என்று நான் போட்ட விதியை நானே மீறியிருந்தேன், எதுகைக்காக. மாற்றித் தருகிறேன் என்றேன். ஆனால் மறுநாள் அக்கா சொன்னாள், பாப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் வந்ததும் ஓட்டத்தை நிறுத்தி, பொய் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே மெல்ல ஏறி உட்காருகிறாளாம். அந்த வரியை விட்டுவிட்டேன்.

இதற்கும் எல்லை உண்டு. பள்ளியில் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறக்கும்போது அவள் இதைச் சொல்வதில்லை. அங்கே கை கழுவக் குழாய்க்கு வரிசையில் நிற்க வேண்டும், வந்து சேர்வதற்குள் ஈரம் காய்ந்துவிடும். உடம்போடு கட்டிய பாட்டு அந்த உடம்பு அந்த இடத்தில் இருக்கும்போதுதான் வேலை செய்யும். பொதுப் பாட்டு வேண்டும் என்றால் எங்கும் செல்லும் பொதுச் சொல் வேண்டும், அதற்கு விலை அகிலா அக்கா.

ரெண்டு ஆச்சிகள் விஷயம்தான் உண்மையான பரீட்சை. பாட்டில் யார் பெயரும் இல்லை என்று ரெண்டு பேரும் முதலில் குறைப்பட்டுக்கொண்டார்கள். "யார்கிட்ட கேட்கிறேன்னு சொல்லவே இல்லையே" என்றார் அத்தானின் அம்மா. எங்கள் அம்மாவும் அதையேதான் கேட்டார். ஒரு விஷயத்தில் ரெண்டு பேரும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று அக்கா சொன்னாள். ஹெரிக்கின் ஆறு வரியிலும் கடவுளைக் குறிக்கும் சொல் ஒரு முன்னிலைச் சொல் மட்டும்தான், நீ என்கிற மாதிரி. என் பாட்டில் அதுவும் இல்லை. குறையா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

போன வாரம் போயிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பாப்பா ஈரக் கையைச் சேர்த்தாள். ஒரு ஆச்சி கைகூப்பினார், இன்னொரு ஆச்சி பாட்டு முடிந்ததும் மெதுவாகச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பாப்பா யார் முகத்தையும் பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்தாள். அன்றைக்குப் புளிக்குழம்பும் அப்பளமும்.